ஏற்றவும் இறக்கவும் வல்ல நிலைமாற்றி

பெரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாயை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில், மலையின் இடுப்பைச் சுற்றி வளையும் ஒரு திருப்பத்தில் கொஸ்லந்தை அமைந்திருக்கிறது. மேலே தேயிலைத் தோட்டங்கள். கீழே, சிறிது தொலைவில், ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும அருவி. இப்பகுதியில் சாலையோரமாக நடந்து செல்பவர் இரட்டைத் தூண்களின்மீது ஏற்றி வைக்கப்பட்ட ஓர் இரும்புப் பெட்டியைக் காணாதிருக்க முடியாது. அதன் பக்கங்களில் விலா எலும்புகள் போன்ற தகடுகள் நீண்டிருக்கும். அமைதியான இரவில் அருகே நின்றால், வண்டுகள் கூடி ரீங்கரிப்பது போன்ற ஒலி கேட்கும். ஊரார் அதனை டிரான்ஸ்போமர் என்பர். பாடநூல்கள் நிலைமாற்றி என்று பெயரிட்டிருக்கின்றன.

அப்பெட்டிக்குள் சுழலும் சக்கரம் எதுவும் இல்லை. எரியும் பொருளும் இல்லை. எனினும் 33,000 வோல்ற்று அழுத்தத்தில் மலை தாண்டி வந்த மின்சாரம் அதன் ஒரு பக்கம் புகுந்து, 230 வோல்ற்றாக மறுபக்கம் வெளிவந்து, லயக் காம்பராவில் விளக்கேற்றுகிறது. அசையாத ஒரு பொருள் இவ்வேலையை எவ்வாறு செய்கிறது? ஆடலோட்டம் எனப்படும் முன்னும் பின்னும் அலையும் மின்சாரத்தை மட்டும் அது ஏற்றுக்கொள்வது ஏன்? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை ஒன்றே. அந்த விடையை அறியாமையால் சில வேளைகளில் மனித உயிரும் போவதுண்டு.

முதலில், இவ்வளவு உயர்ந்த அழுத்தம் எதற்கு என்பதைப் பார்ப்போம். 230 வோல்ற்றே வீட்டுக்குப் போதுமானால் தொடக்கத்திலிருந்தே அந்த அழுத்தத்தில் அனுப்பிவிடலாமே என்று தோன்றலாம்.

ஒரு மலைச்சரிவில் 23,000 வாற்று மின்வலு வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். அதனை 230 வோல்ற்றில் அனுப்பினால் கம்பியில் 100 அம்பியர் மின்னோட்டம் செல்லவேண்டும். போகவும் வரவுமாக அக்கம்பியின் தடை ஒரு ஓம் எனக் கொள்வோம். சுண்டுவிரலைவிட மெல்லிய அலுமினியக் கம்பி ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம் சென்று திரும்பினாலே அத்தடை உண்டாகிவிடும். 100 அம்பியர் அதனூடே ஓடும்போது 100 வோல்ற்று வழியிலேயே தொலைகிறது. கடைசி வீட்டுக்குக் கிடைப்பது 130 வோல்ற்று. விளக்கு மங்கிச் சிவந்து எரியும், மோட்டார் முனகும். 10,000 வாற்று வெப்பமாகக் காற்றில் கலந்துவிடும்.

அதே மின்வலுவை 33,000 வோல்ற்றில் அனுப்பினாலோ, கம்பியில் செல்வது முக்கால் அம்பியருக்கும் குறைவு. கம்பியின் வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இழப்பு அரை வாற்று அளவுக்கு இறங்கிவிடுகிறது. கம்பி மாறவில்லை, மலையும் மாறவில்லை. பத்தாயிரம் வாற்று வீணாவது அரை வாற்றாகக் குறைந்ததற்கு அழுத்தத்தை ஏற்றியது ஒன்றே காரணம்.

எனவே மின்சாரம் பிறக்குமிடத்தில் அழுத்தத்தை ஏற்றவேண்டும், பயன்படுமிடத்தில் இறக்கவேண்டும். ஊவாவிலேயே இதற்குச் சான்று உண்டு. வெல்லவாயைக்கு அருகே, நிலத்தின் அடியில் அமைந்த உமா ஓயா மின்நிலையம் 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது. அதன் ஆற்றல் 120 மெகாவாற்று. அங்கே பிறக்கும் மின்சாரத்தின் அழுத்தத்தை நிலைமாற்றிகள் உயர்த்திய பின்னரே அது நாட்டின் மின்வலையில் சேர்கிறது. வலையின் நெடுந்தூரக் கம்பிகள் 132,000, 220,000 வோல்ற்றில் இயங்குகின்றன. உபமின்நிலையங்களில் அது 33,000 ஆக இறங்குகிறது. கடைசியாகச் சாலையோரத் தூணில் 230 ஆகிறது. ஒவ்வொரு படியிலும் நிற்பது நிலைமாற்றியே.

இனி, பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோல் எண்ணிக்கொள்வோம். உள்ளே எண்ணெய் நிறைந்திருக்கும். எண்ணெயில் மூழ்கிய நிலையில் இரும்புச் சட்டம் ஒன்று நிற்கும். அதன் கால்கள்மீது செப்புக் கம்பியோ அலுமினியக் கம்பியோ சுருள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். ஒவ்வொரு காலிலும் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று மெல்லிய கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டது. மற்றது தடித்த கம்பியால் சில பத்துச் சுற்றுகள் மட்டும் சுற்றப்பட்டது. இவ்விரு சுருள்களுக்குமிடையே மின்தொடர்பு சிறிதும் இல்லை. காப்புத் தாளும் எண்ணெயும் அவற்றைப் பிரித்து நிற்கின்றன. மலை தாண்டி வந்த மின்சாரம் முதற்சுருளுக்குள் போய் அதே வழியே திரும்பிவிடுகிறது. வீட்டுக்கு வருவது துணைச்சுருளில் புதிதாகத் தோன்றிய மின்சாரம்.

தொடாத சுருளில் மின்சாரம் தோன்றுவது எப்படி? இதனை உலகுக்குக் காட்டியவர் மைக்கல் பரடே. 1831 ஒகஸ்ட் 29ஆம் நாள் இலண்டனில், ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடும் மற்றதை மின்னோட்டம் காட்டும் கருவியோடும் அவர் இணைத்தார். மின்கலத்தை இணைத்த கணத்தில் மறுசுருளின் ஊசி துள்ளியது. ஆயினும் உடனே பழைய இடத்துக்குத் திரும்பி அசையாது நின்றது. முதற்சுருளில் மின்னோட்டம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தும் ஊசி அசையவில்லை. மின்கலத்தைத் துண்டித்த கணத்தில் ஊசி எதிர்த்திசையில் மீண்டும் ஒருமுறை துள்ளியது.

நிலைமாற்றியின் இரகசியம் முழுவதும் அந்த இரண்டு துள்ளல்களில் அடங்கியிருக்கிறது. மின்னோட்டம் இரும்பைக் காந்தமாக்குகிறது. அந்தக் காந்தம் இருப்பதனால் மறுசுருளில் மின்னழுத்தம் பிறப்பதில்லை. அது கூடும்போதும் குறையும்போதும் மட்டுமே பிறக்கிறது. ஒரு சுருளிலிருந்து மற்றதற்குக் கடந்து செல்வது மாற்றம் ஒன்றே. தொட்டிலின் கயிற்றை ஒரே பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றால் தொட்டில் ஆடுமா? இழுத்த கணத்தில் ஒருமுறை நகரும், பின்னர் நின்றுவிடும். குழந்தை உறங்கவேண்டுமானால் இழுத்து இழுத்து விடவேண்டும்.

ஆடலோட்டம் இவ்வாறு இழுத்து இழுத்து விடுவதே. இலங்கையின் மின்சாரம் ஒரு வினாடியில் 50 முறை முன்னும் பின்னுமாக ஆடி முடிக்கிறது. அதற்கேற்ப இரும்புச் சட்டத்தின் காந்தமும் ஒரு திசையில் எழுந்து, தணிந்து, எதிர்த்திசையில் எழுந்து, மீண்டும் தணிகிறது. மாற்றம் ஓய்வதில்லை, ஆகவே துணைச்சுருளில் மின்னழுத்தமும் ஓய்வதில்லை. பெட்டியருகே கேட்கும் ரீங்காரமும் இதனால் எழுவதே. காந்தம் ஏறும்போதெல்லாம் இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு உருமாறுகிறது. ஓர் ஆட்டத்தில் இருமுறை காந்தம் உச்சத்தை அடைவதால், அந்த அதிர்வு வினாடிக்கு 100 முறை நிகழ்ந்து ஒலியாகிறது.

அடுத்து, அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் எவ்வாறு என்பது. இங்கே கடினமான கணக்கு எதுவும் இல்லை. இரும்புச் சட்டத்தில் ஆடும் காந்தம், தன்னைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு கம்பிச் சுற்றிலும் ஒரே அளவு அழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. அச்சுற்று முதற்சுருளைச் சேர்ந்ததா, துணைச்சுருளைச் சேர்ந்ததா என்ற வேறுபாட்டைக் காந்தம் அறியாது. தோட்டமொன்றுக்கு மின்சாரம் தரும் நடுத்தர நிலைமாற்றி ஒன்றில் அது சுற்றுக்கு 5 வோல்ற்று என்று வைத்துக்கொள்வோம். கைவிளக்கில் மின்கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் அவற்றின் அழுத்தம் கூடுவது போல, சுற்றுகளின் அழுத்தமும் ஒன்றோடொன்று கூடுகிறது. 46 சுற்றுகள் கொண்ட துணைச்சுருளின் முனைகளில் 46 ஐந்துகள், அதாவது 230 வோல்ற்று கிடைக்கிறது. முதற்சுருளில் 6,600 சுற்றுகள் உண்டு; அதன் முனைகளில் 33,000 வோல்ற்று நிற்கிறது.

அழுத்தம் இறங்கினாலும் மின்வலு இறங்குவதில்லை. துணைச்சுருளிலிருந்து 143 அம்பியரை ஊர் எடுத்துக்கொள்ளும்போது, முதற்சுருள் மலைக்கம்பியிலிருந்து ஏறத்தாழ ஓர் அம்பியரை எடுத்துக்கொள்கிறது. அழுத்தம் எத்தனை மடங்கு குறைந்ததோ அத்தனை மடங்கு மின்னோட்டம் பெருகியிருக்கிறது. இதனால்தான் ஒரு சுருளுக்கு மெல்லிய கம்பியும் மற்றதற்குத் தடித்த கம்பியும் வேண்டியிருக்கின்றன.

மாலையில் வீடுகளில் விளக்குகள் ஏறுவதை முதற்சுருள் எவ்வாறு அறிகிறது என்றும் கேட்கலாம். காந்தம் ஆடும்போது துணைச்சுருளில் அழுத்தம் பிறப்பதுபோல முதற்சுருளிலும் பிறக்கிறது. அது வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கு எதிராக நின்று, மின்னோட்டம் பெருகாமல் அணைபோல் தடுக்கிறது. ஊர் உறங்கும் நேரத்தில், இரும்பைக் காந்தமாக்கத் தேவையான சொற்ப மின்னோட்டமே முதற்சுருளில் ஓடும். துணைச்சுருளில் மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் அது காந்தத்தைச் சற்றே தணிக்க முற்படுகிறது. எதிர்த்து நின்ற அழுத்தமும் சற்றே தணிகிறது. அந்த அளவுக்கு முதற்சுருள் மேலதிக மின்னோட்டத்தை உள்ளே விடுகிறது. காவலாளி எவரும் இன்றி வரவு செலவு தானாகச் சரியாகிறது.

நேரோட்டத்தை நிலைமாற்றிக்குக் கொடுத்தால் பயன் இல்லை என்பதோடு நில்லாமல், கேடும் விளைவது ஏன் என்பது இப்போது விளங்கும். நேரோட்டத்தில் காந்தம் எழுந்து அசையாது நின்றுவிடும். துணைச்சுருளில் ஒரு துள்ளலுக்குப் பின் ஒன்றும் இராது. அதைவிட முக்கியமானது, முதற்சுருளைக் காத்துநின்ற எதிரழுத்தமும் மறைந்துவிடும். வானொலி திருத்துவோர் வைத்திருக்கும் சிறு நிலைமாற்றி ஒன்றின் முதற்சுருளில் கம்பியின் தடை 10 ஓம் எனக் கொள்வோம். ஆடலோட்டத்தில் 230 வோல்ற்றைக் கொடுத்தால், சுமையில்லாதபோது அது கால் அம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். நேரோட்டத்தில் அதே 230 வோல்ற்றைக் கொடுத்தால், தடுப்பது அந்த 10 ஓம் மட்டுமே. 23 அம்பியர் ஓடும். ஐயாயிரம் வாற்றுக்கு மேற்பட்ட வெப்பம் கையளவான சுருளில் பிறக்கும். மெருகெண்ணெய் கருகும் நாற்றம் முதலில் வரும். புகை அடுத்து வரும். உருகி போய்விடாவிட்டால் தீயும் வரும்.

1882இல் எடிசன் நியூயோர்க் நகரில் தொடங்கிய மின்நிலையம் நேரோட்டத்தையே வழங்கியது. அதன் அழுத்தம் 110 வோல்ற்று அளவு. அழுத்தத்தை ஏற்றவோ இறக்கவோ அன்று எளிய வழி இல்லாமையால், ஏறத்தாழ ஒரு மைலுக்கு அப்பால் அந்நிலையத்தால் விளக்கேற்ற முடியவில்லை. 1885இல் புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலைப் பொறியியலாளர்களான சிப்பர்னொவ்ஸ்கி, பிளாத்தி, டேரி ஆகிய மூவரும் மூடிய இரும்புச் சட்டமுடைய நிலைமாற்றியை அமைத்தபின், ஆடலோட்டம் தூரத்தை வென்றது. அருவி ஓரிடத்திலும் வீடு வேறிடத்திலும் இருக்கலாம் என்ற நிலை அதன்பின் பிறந்தது.

சட்டம் இரும்பாயிருந்தாலும் ஒரே கட்டியான இரும்பாயிருத்தல் ஆகாது. கட்டி இரும்பும் காந்தத்தைச் சுற்றியமைந்த ஒரு மின்கடத்திதானே? அதற்குள்ளும் மின்னோட்டம் சுழன்று வீணாக வெப்பமூட்டும். ஆகவே ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு கனமுள்ள சிலிக்கன் உருக்குத் தகடுகளை, ஒன்றோடொன்று மின் தொடாதபடி மேற்பூச்சிட்டு அடுக்குகிறார்கள். எஞ்சிய வெப்பத்தை எண்ணெய் ஏந்திச்சென்று விலாத் தகடுகளின் வழியே காற்றுக்குக் கொடுக்கிறது.

இன்று கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவி உள்ளங்கைக்குள் அடங்குகிறதே, அதற்கு நிலைமாற்றி வேண்டாவோ என்று ஐயுறுவோர் உண்டு. அதற்குள்ளும் நிலைமாற்றி இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை அக்கருவி முதலில் நேரோட்டமாக்கி, பின்னர் குறைகடத்தி ஆளிகளால் வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. மாற்றம் விரைவாக நிகழுமானால் சுற்றுக்கு 5 வோல்ற்றைத் தோற்றுவிக்கச் சிறிய சட்டமே போதும். வினாடிக்கு 50 ஆட்டமுள்ள தெரு நிலைமாற்றிக்கு அதே வேலைக்கு ஒருபக்கம் 12 சென்ரிமீற்றர் அளவான தடித்த இரும்புக் கால் வேண்டும். நேரோட்டத்தையும் இன்று ஏற்றி இறக்கலாம். ஆனால் முதலில் அதை வெட்டி ஆடச்செய்த பின்னரே அது கைகூடும். பரடே கண்ட விதி மாறவில்லை.

இறுதியாக, தொடக்கத்தில் சொன்ன உயிர்ப் பிரச்சினை. நிலைமாற்றிக்கு ஏற்றம் எது, இறக்கம் எது என்று தெரியாது. ஏணி, ஏறுபவனுக்கும் இறங்குபவனுக்கும் ஒன்றே. 6,600 சுற்றுகளின் பக்கமாக மின்சாரம் வந்தால் அழுத்தம் இறங்கும். 46 சுற்றுகளின் பக்கமாக வந்தால் ஏறும்.

மழைக்காலத்தில் மண்சரிவு அஞ்சப்படும் மலை இது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின்மீது மலை சரிந்ததை எவரும் மறக்கவில்லை. அத்தகைய பெருமழையில் மரம் விழுந்து 33,000 வோல்ற்றுக் கம்பி அறுந்தது என்று கொள்வோம். ஊர் இருளில் மூழ்குகிறது. கடைவீதியில் ஒருவர் தம்மிடமுள்ள சிறிய மின்பிறப்பாக்கியை இயக்கி, இருபுறமும் முட்களுள்ள ஒரு வடத்தால் கடையின் சுவர்க் குதையில் செருகுகிறார். முதன்மை ஆளியை நிறுத்த அவர் மறந்துவிடுகிறார். கடை விளக்குகள் எரிகின்றன. அதே வேளையில் அவருடைய 230 வோல்ற்று, வீதிக் கம்பி வழியே நிலைமாற்றியின் 46 சுற்றுகளுக்கும் போய்ச் சேருகிறது. சுற்றுக்கு 5 வோல்ற்று எழுகிறது. மறுபக்கத்தில் 6,600 சுற்றுகள் அந்த ஐந்துகளையெல்லாம் கூட்டி 33,000 வோல்ற்றாக்கி அறுந்த கம்பிக்குக் கொடுக்கின்றன. அங்கே, மின்சாரம் நின்றுவிட்டதென்று நம்பி, ஒரு தொழிலாளி தூணில் ஏறிக்கொண்டிருக்கிறார்.

சிறிய இயந்திரம்தானே, அவ்வளவு பெரிய பெட்டியை அதனால் இயக்க முடியுமா என்று கேட்கலாம். அயல்வீடுகள் யாவும் இணைந்திருந்தால், அவற்றின் சுமை தாங்காது அந்த இயந்திரம் பெரும்பாலும் நின்றுபோகும். ஆனால் அயலார் தங்கள் ஆளிகளை நிறுத்தியிருந்தாலோ, வீதிக் கம்பி இடையில் அறுந்து சுமை குறைந்திருந்தாலோ, இரும்பைக் காந்தமாக்குவதற்கு ஓரிரு ஆயிரம் வாற்று அளவான இயந்திரமே போதும். மறுபக்கத்தில் ஓடக்கூடியது பத்திலொரு பங்கு அம்பியருக்கும் குறைவேயானாலும், மார்பினூடே செல்லுமானால் இதயத்தை நிறுத்த அது போதுமானது.

இதற்குக் காப்பு இரண்டு. வீட்டில், மின்பிறப்பாக்கியை மாற்றாளி ஒன்றின் வழியே மட்டும் இணைக்கவேண்டும். அவ்வாளி ஒரு பக்கம் திரும்பினால் ஊர்மின்சாரம், மறுபக்கம் திரும்பினால் வீட்டு இயந்திரம். இரண்டும் ஒருங்கே சேர அதில் இடமில்லை. மாற்றாளி இல்லாதவர், விளக்கை இயந்திரத்திலேயே நேராகச் செருகிக்கொள்ளட்டும். சுவர்க் குதையில் எதனையும் செலுத்தவேண்டாம். தூணில் ஏறுபவர், எப்பக்கத்திலிருந்தும் மின்சாரம் வரலாம் என்பதை அறிந்து, தாம் வேலை செய்யும் இடத்தின் இரு புறமும் கம்பியைச் சோதித்து நிலத்தோடு இணைத்த பின்னரே கைவைக்கவேண்டும்.

கீழே அறுந்து கிடக்கும் கம்பியைக் காண்போருக்கும் இது பொருந்தும். ஊரெங்கும் இருள் என்பதால் கம்பி செத்துவிட்டது என்று துணியலாகாது. எங்கோ ஒரு கடையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். அதற்கும் இந்தக் கம்பிக்கும் இடையே, ஏற்றவும் இறக்கவும் வல்ல அந்த இரும்புப் பெட்டி நின்றுகொண்டிருக்கிறது.